‘மிஸ்ஸிங்’ என்று எழுதிய நாள்: வன்னிப் படங்களின் கீழே இரண்டு மொழிகள்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகைக்குள் நான் எடுத்த படங்கள் பல. படம் எடுப்பதை விட அதன் கீழே இரண்டு வரி எழுதுவதுதான் எனக்கு எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது.

ஒருமுறை, மகனின் படத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாவின் படத்தை முகநூலில் போட்டேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த கிழமை அங்கே போனபோது அந்த அம்மா கூப்பிட்டார்.

“தம்பி, பேத்தி போனில வாசிச்சுக் காட்டினவள். நடுவில நடுவில இங்கிலீசு கிடக்காம். அதுகளை விட்டிட்டு வாசிச்சவள். உதில என்ர பிள்ளையைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?”

அவருடைய மகனைப் பற்றிய சொல்லே அந்த ஆங்கிலத்தில்தான் இருந்தது. ‘மிஸ்ஸிங்’ என்று எழுதியிருந்தேன். “காணேல்லை எண்டு அருத்தம் அம்மா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நான் துலைக்கேல்லைத் தம்பி. குடுத்தனான்.”

அதற்குப் பிறகு படக்குறிப்பில் மொழி கலப்பதைப் பற்றி நான் யோசிக்கும் விதம் மாறிவிட்டது. அந்தப் பிழையிலிருந்து தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையைச் செய்யும் பிள்ளைகளுக்கும் இந்தப் படங்களில் இருப்பவர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

வன்னியில் எடுக்கப்படும் ஒரு படத்தை மூன்று தரப்பு வாசிக்கிறது. முதலாவது, படத்தில் இருப்பவரும் அவரது ஊரும். இவர்களில் பலர் தாங்களே வாசிப்பதில்லை. பேரப்பிள்ளை சத்தமாக வாசிக்கக் கேட்கிறார்கள். இரண்டாவது, புலம்பெயர்ந்த உறவுகள். அங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. மூன்றாவது, கொழும்பிலும் ஜெனீவாவிலும் உள்ள அலுவலர், பத்திரிகையாளர், தெற்கில் உள்ள சிங்கள வாசகர். ஒரே வசனத்துக்குள் இரண்டு மொழியைக் குழைத்தால் மூவருக்கும் போகும் என்று நாங்கள் நம்புகிறோம். நடப்பது வேறு. அம்மாவுக்கு இங்கிலீசுத் துண்டுகள் தடுக்கின்றன. ரொறன்ரோவில் உள்ள பேரனுக்கு அந்தத் துண்டுகள் மட்டுமே விளங்குகின்றன. அலுவலருக்கு அது ஒரு சின்னப் பொடியன் எழுதிய பதிவாகத் தெரிகிறது.

ஆங்கிலம் கலந்தாலே நெருக்கம் போய்விடும் என்று இதற்குப் பொருள் இல்லை. கலக்கப்படும் ஆங்கிலம் யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். வன்னிச் சனத்தின் வாயில் ஏராளமான ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஆமி, காம்ப், செல், பங்கர், ரோக்கன் எல்லாம் எங்கள் சொற்கள். “செல் விழ பங்கருக்குள்ள குதிச்சம்” என்று சொல்லாத குடும்பம் இங்கே இல்லை. அதை “எறிகணை வீழ்ந்தபோது பதுங்குகுழிக்குள் பாதுகாப்புத் தேடினோம்” என்று மாற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் வந்துவிடும். படத்தில் இருப்பவர் சொன்னதாக ஒரு வரியை எழுதும்போது அவருடைய ‘செல்’லையும் ‘காம்ப்’பையும் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிட வேண்டும்.

மற்ற வகை ஆங்கிலம் 2009க்குப் பிறகு வாகனங்களில் வந்து இறங்கியது. பெனிபிசியரி, புரொஜெக்ற், லைவ்லிஹூட், ஹாண்டிங் ஓவர். மெனிக் பாம் முகாமிலிருந்து மீள்குடியேற்றம் வரைக்கும் இந்தச் சொற்களோடு படிவங்கள் வந்தன, வரிசைகள் வந்தன, பெயர்ப்பட்டியல்கள் வந்தன. ‘பெனிபிசியரி’ என்று தன்னைச் சொல்லும் ஒரு பெண்ணை நான் சந்தித்ததில்லை. மற்றவர்கள்தான் அவரை அப்படி எழுதுகிறார்கள். கோழிக்கூடு கிடைத்த ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் போட்டால், எழுதியவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது ஊருக்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக முகநூல் ஆங்கிலம் ஒன்று இருக்கிறது: எமோஷனல் மொமென்ற், வைரல், பீலிங் சாட். கோயில் திருவிழாவுக்கோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கோ இதை எழுதினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்; இளையவர்கள் விரும்பியும் பகிர்வார்கள். கொட்டகைக்குள் எடுத்த படத்துக்கு அதே சொல் வந்தால் கூசுகிறது. கலப்பு அளவில் கூடியதோ குறைந்ததோ அல்ல. அந்தப் படத்துக்கு அது பொருந்தவில்லை.

தனித்தமிழில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததென்று சிலர் சொல்வார்கள். வேறு ஊர்களில் அது சரியாகலாம். வன்னியில் தனித்தமிழுக்கு ஒரு தனிக் கதை உண்டு. விடுதலைப் புலிகளின் நிர்வாகம் இருந்த காலத்தில் பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆனது, ஐஸ்கிரீம் ‘குளிர்களி’ ஆனது, வங்கிக்கு ‘வைப்பகம்’ என்ற பெயர் வந்தது, மோட்டார் சைக்கிள் ‘உந்துருளி’ ஆனது. அன்று அந்தப் பலகைகளின் கீழே வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொற்களைக் கேட்டால் சீருடை போட்ட உத்தியோகத்தனம் தெரியாது. கடைத்தெரு ஞாபகம் வரும். அதே சொல்லை ஒரு தமிழ்நாட்டு வாசகர் பாடப்புத்தகத் தமிழாகப் பார்ப்பார். விசாரிக்க வருகிற ஒருவர் அதை வேறு கண்ணால் பார்ப்பார். ஆகவே ‘வெதுப்பகம்’ என்று நான் எழுதுவதானால், அந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்கிறாரா, பலகையில் அப்படி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்தச் சொல்லின் பாரத்தைக் கேட்காமல் அவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

இனி அந்த அம்மாவின் படத்துக்கு வருகிறேன். அங்கேதான் இரண்டு மொழிக்கு நடுவில் உண்மையே மாறிப்போனது.

தமிழில் நாங்கள் முதலில் ‘காணாமல் போனோர்’ என்றுதான் சொல்லிவந்தோம். போராட்டத்தில் இருந்தவர்கள்தான் அதை ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று திருத்தினார்கள். போவது தானாக நடப்பது. ஆக்கப்படுவதற்கு ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு வினையை மாற்றியதால் வசனத்துக்குள் ஒரு குற்றவாளிக்கு இடம் உண்டாயிற்று. இன்று வன்னியில் எழுதப்படும் எந்தப் பதாகையிலும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கலாம்.

ஆங்கிலத்திலும் இதே மாதிரி இரண்டு சொற்கள் உண்டு. ‘மிஸ்ஸிங்’ என்பது காணாமல் போனவர். ‘டிஸப்பியர்ட்’ என்பது, அதிலும் ‘என்போர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’ என்பது, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல். ‘டிஸப்பியர்’ என்ற வினையை ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் செயலாக ஆங்கிலத்தில் வழங்குவதற்கு லத்தீன் அமெரிக்க அனுபவம் பெரும் காரணம். ஆர்ஜென்ரீனாவில் 1977 ஏப்ரலில் மே சதுக்கத்தில் தாய்மார் கூடத் தொடங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் குறித்த ‘தெஸபரெஸிதோஸ்’ என்ற ஸ்பானியச் சொல் உலகம் முழுக்கப் போனது. ஓகஸ்ட் 30ஐ ஐக்கிய நாடுகள் சபை வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தினமாக 2011 முதல் நினைவுகூருகிறது.

இலங்கையின் சட்டங்களில் இரண்டு சொற்களும் தனித்தனி இடத்தில் நிற்கின்றன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. ஆங்கிலப் பெயரிலும் ‘மிஸ்ஸிங் பேர்சன்ஸ்’தான். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமோ வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய சர்வதேசச் சமவாயத்தை உள்ளூர்ச் சட்டமாக்கியது. அங்கே சொல் வேறு. சிங்களத்திலும் இப்படியே: அலுவலகத்தின் பெயரில் இருப்பது ‘அதுருதஹன் வூ’, அதாவது காணாமல் போன. ஆக்கப்பட்டதைச் சொல்வதானால் ‘அதுருதஹன் கரன லத’ என்று எழுத வேண்டும்.

இப்போது என் பழைய படக்குறிப்பைப் பாருங்கள். தமிழ்ப் பாதியில் ‘காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளுக்கான போராட்டம்’ என்று எழுதியிருந்தேன். ஆங்கிலப் பாதியில் மகனை ‘மிஸ்ஸிங்’ என்று எழுதியிருந்தேன். ஒரே படத்தின் கீழே தமிழ் வாசகருக்கு ஒரு குற்றமும் ஆங்கில வாசகருக்கு ஒரு துரதிர்ஷ்டமும் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலத்தில் வாசித்தவர்தான் ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருந்தவர். அவருக்குத்தான் குறைந்த செய்தி போனது. கலப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பாதியும் இரண்டு பேருக்குப் போகின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்து ஒப்பிடுபவர் எவரும் இல்லை. பிழை பல மாதம் அப்படியே கிடக்கும்.

‘மிஸ்ஸிங்’ எப்போதும் பிழை என்றும் சொல்லமுடியாது. செஞ்சிலுவைச் சங்கம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: எப்படிப் போனார்கள் என்று பாராமல், தகவல் இல்லாத எல்லோரையும் அது தேடுகிறது. மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சனத்தோடு சனமாக ஓடும்போது கைவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு. செல்லடிக்குள் என்ன நடந்ததென்று பெற்றோருக்கே தெரியாது. அங்கே ‘காணாமல் போன’ என்பதே அந்தக் குடும்பம் உறுதியாகச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கலாம். அந்த அம்மாவின் மகன் அப்படியானவர் அல்ல. 2009 மே மாதம் வட்டுவாகலில், பெற்றவர் கண்முன்னால் ஆமியிடம் கொடுக்கப்பட்டவர். ‘சரணடைந்தவர்’ என்று எழுதினாலும் முழுதாகாது. சரணடைவது மகன் செய்தது. ‘கையளிக்கப்பட்டவர்’ என்றால் கொடுத்தவர் இருக்கிறார், வாங்கியவர் இருக்கிறார், பார்த்த சாட்சி இருக்கிறார். “குடுத்தனான்” என்று அவர் சொன்னது ஒரு சாட்சியம். ஆங்கிலத்தில் பலரும் ‘சரெண்டர்ட்’ என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் போட்டு மூடிவிடுகிறார்கள். தாய் தன் கையால் ஒப்படைத்தார் என்று ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழு வசனம் தேவைப்படுகிறது. அந்த வசனத்தை எழுதத்தான் வேண்டும்.

ஆகவே அந்தப் படக்குறிப்பைத் திருப்பி எழுதினேன். முதல் வரியில் இடமும் திகதியும் மட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். கைப்பேசியில் முகநூல் முதல் சில வரிகளைத்தான் காட்டும். மிச்சத்தைத் தட்டித்தான் திறக்க வேண்டும். தமிழ் தெரியாத பேரன் அந்த வரியில் ‘கிளிநொச்சி’ என்பதையாவது ஆங்கிலத்தில் கண்டால் கீழே தனக்கும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்து திறப்பான். இரண்டாவதாக, தமிழ் மட்டும், கலப்பே இல்லாமல், சத்தமாக வாசிக்கக்கூடிய மூன்று வசனம்:

“மகனின் படத்தோடு ஒரு தாய். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைத் தன் கையால் ஆமியிடம் கொடுத்ததாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை; பதிலும் கிடைக்கவில்லை.”

இதில் ‘ஆமி’ இருக்கிறது, ‘இராணுவத்தினர்’ இல்லை; அது அவருடைய சொல். ‘சொல்கிறார்’ என்பது இருக்கிறது. நான் அங்கே நிற்கவில்லை, அவர் நின்றார். ‘கண்ணீர்’, ‘நெஞ்சை உருக்கும்’ எதுவும் இல்லை. படத்தில் முகம் தெரிகிறது, அதை நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வெற்று வரி விட்டு, ஆங்கிலத்தில் மூன்று வசனம். தமிழின் சொல்லுக்குச் சொல் அல்ல. தமிழ் வாசகருக்கு வட்டுவாகல் எங்கே என்று சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அது முல்லைத்தீவில் போர் முடிந்த இடம் என்று சொல்லவேண்டும். ‘ஆமி’ அங்கே ‘இலங்கை இராணுவம்’ என்று முழுப் பெயராக நிற்கவேண்டும். ‘தாய் ஒப்படைத்தார்’ என்பது வினையாக வரவேண்டும். ‘மிஸ்ஸிங்’ வரக்கூடாது. தமிழ் வசனம் நெருக்கமாகவும் ஆங்கில வசனம் உத்தியோகபூர்வமாகவும் இருப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டில் ஒரு மாதிரி, கந்தோரில் ஒரு மாதிரிக் கதைக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். ஆனால் இரண்டிலும் நடந்த விடயம் ஒன்றாக இருக்கவேண்டும்: யார், எங்கே, யாரிடம், எப்போது, யார் சொல்கிறார். இந்த ஐந்தையும் விரல் விட்டு இரண்டு பக்கமும் சரிபார்க்காமல் இப்போது நான் எதையும் போடுவதில்லை.

எக்ஸ் தளத்தில் இப்படி எழுத இடம் போதாது. இலவசக் கணக்குக்கு 280 குறிகள். தமிழில் உயிர்மெய் எழுத்தின் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பது எங்கள் கண்ணுக்கு 12 எழுத்து. அந்தக் கணக்கில் இடைவெளியோடு 21. இரண்டு மொழியையும் ஒரே பதிவில் நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது ‘சொல்கிறார்’, ‘தன் கையால்’ போன்ற சின்னச் சொற்கள்தான். அவைதான் முக்கியமானவை. எனவே அங்கே தமிழுக்கு ஒரு பதிவு, அதற்குப் பதிலாக இணைத்து ஆங்கிலத்துக்கு ஒரு பதிவு என்று பிரித்துவிடுகிறேன். முகநூலில் ஆங்கிலத்தை முதல் கொமென்றில் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் ஒருவர் பதிவைப் பகிரும்போது கொமென்ற் கூடப் போகாது. வட்ஸ்அப்பில் இன்னும் மோசம். படத்தைச் சேமித்து அனுப்பினால் குறிப்பே போகாது.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கத்தையும் சொல்லவேண்டும். பாமினி எழுத்துருவில் பழகிய எங்கள் தலைமுறை, கைப்பேசி வந்தபோது யூனிகோட் விசைப்பலகைக்கு மாறத் தெரியாமல் அப்படி எழுதத் தொடங்கியது. நண்பர்களுக்குள் அது நெருக்கமான எழுத்து. ரொறன்ரோப் பேரனும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தால் விளங்கிக்கொள்வான். அந்த ஒரு நன்மை உண்டு. ஆனால் எவரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, ஆளாளுக்கு எழுத்துக்கூட்டல் வேறு. போராட்டப் படத்துக்குக் கீழே அது அவசரத்தில் எழுதியதாகவே தெரியும்.

எழுத்துக்கூட்டல் என்றதும் ஊர்ப் பெயர்கள் ஞாபகம் வருகின்றன. 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வைத்திருந்த தங்கள் காணிக்கு முன்னால் குந்தினார்கள். மார்ச் முதலாம் திகதி காணிக்குள் போனார்கள். அந்த ஒரு மாதப் படங்களை இன்று தேடுங்கள். தமிழிலேயே கேப்பாப்புலவு, கேப்பாப்பிலவு என்று இரண்டு வழக்கு. ஆங்கிலத்தில் #Keppapulavu என்று பாதி, #Keppapilavu என்று பாதி. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. எத்தனையோ பேர் இரவு பகலாக எடுத்த படங்கள் இரண்டு பெட்டிக்குள் பிரிந்து கிடக்கின்றன. ஊர்ப் பெயருக்கு மட்டும் இரண்டு வடிவத்தையும் கடைசி வரியில் போடுவது பிழையில்லை. ஹாஷ்ரக்கை வசனத்துக்கு நடுவில் சொருகுவதைத்தான் நான் வேண்டாமென்கிறேன்; பேத்தி அந்த இடத்தில் திரும்பவும் தடக்குவாள்.

எழுத்துக்கூட்டலைத் தாண்டிய பெயர்களும் உண்டு. மணலாற்றை ‘வெலிஓயா’ என்றும், குருந்தூர்மலையை ‘குருந்தி’ என்றும் இரண்டாவது மொழியில் எழுதும்போது அது மொழிபெயர்ப்பு அல்ல. சிங்கள வாசகரிடம் போகவேண்டுமென்றால் அவர் அறிந்த பெயர் தேவை என்பது உண்மை. ‘குருந்தூர்மலை’ என்று மட்டும் எழுதினால் தான் செய்தியில் கேட்ட இடம் இதுதான் என்று அவருக்குத் தெரியாது. அதற்காகப் பெயரை மாற்றி எழுதினால் முல்லைத்தீவில் உள்ளவர் அந்த வரியோடு எங்களை விட்டுவிடுவார், அதில் நியாயமும் இருக்கிறது. நான் எங்கள் பெயரை முதலில் எழுதி, ‘சிங்களத்தில் குருந்தி என அழைக்கப்படும்’ என்று ஒருமுறை சேர்க்கிறேன். நீளம்தான், வேறு வழி தெரியவில்லை.

சிங்களத்தில் எழுதலாமா என்று கேட்டால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முகத்தைத் திருப்புவார்கள். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்திலிருந்து தொடங்கும் கதை அது. கந்தோரிலிருந்து விளங்காத மொழியில் கடிதம் வாங்கியவர்களுக்கு அந்த எழுத்தே உத்தரவு போலத் தெரியும். தன் படத்துக்குக் கீழே சிங்களம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நான் போடுவதில்லை. ஆனால் ‘அதுருதஹன்’ என்ற சொல் தெற்கிலும் வீடுகளுக்குள் அழப்பட்ட சொல். 1987 முதல் 1989 வரையான காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் இருக்கிறார்கள். சீதுவை ரத்தொழுவையில் அவர்களுக்கான நினைவிடத்தில் ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் கூடுகிறார்கள். 2010 ஜனவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொடவின் மனைவி சந்தியா தமிழ்த் தாய்மாரோடும் வந்து நின்றவர். அவர்களுக்குப் போகிற வசனம் எளிய பேச்சுச் சிங்களத்தில் இருக்கவேண்டும், அரச கடிதச் சிங்களத்தில் அல்ல. எனக்கு அந்தச் சிங்களம் எழுத வராது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவித்து, இன்னொருவரிடம் கொடுத்து அதை வாயால் தமிழில் சொல்லவைத்துக் கேட்பேன். அவர் ‘காணாமல் போன’ என்று சொன்னால் எழுத்து திரும்பப் போகும். இயந்திர மொழிபெயர்ப்பில் இந்த இடம்தான் அடிக்கடி வழுக்குகிறது. போனதையும் ஆக்கப்பட்டதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது.

சில படங்களுக்கு நெருக்கமே கூடாது. 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது எலும்புகளும் உடைகளும் வெளிவந்தன. அந்த உடைகளின் படங்கள் பரவியபோது ஒரே பதிவுக்குள் தமிழில் ‘போராளி’, ஆங்கிலத்தில் ‘காடர்’, சிங்களத்தில் ‘கொட்டி’ என்று மூன்று சொல் வரக்கூடிய நிலை. மூன்றும் ஒரு பெண்ணைத்தான் சொல்கின்றன. முதலாவதில் அவர் எங்கள் பிள்ளை, இரண்டாவதில் ஒரு அமைப்பின் ஆள், மூன்றாவதில் புலி. நீதிமன்றத்தின் முன் உள்ள விடயத்தில், யாருடைய உடல் என்று முடிவாகும் முன், நான் மூன்றையும் விட்டுவிட்டு உடையை மட்டும் எழுதினேன்: துணியின் நிறம், எங்கே எடுக்கப்பட்டது, எந்தத் திகதி. இரண்டு மொழியிலும் அதே வறண்ட வரிகள். “ஏன் இப்பிடி உயிரில்லாமல் எழுதியிருக்கிறாய்?” என்று ஒரு நண்பன் கேட்டான். அந்த உடையை ஒரு தாய் அடையாளம் காணக்கூடும். அவருக்கு என்னுடைய உணர்ச்சி வழியில் நிற்கக்கூடாது என்றேன். அவனுக்கு அது திருப்தியாக இருக்கவில்லை.

கூடப் போகவேண்டும் என்ற ஆசையிலும் ஒரு கேள்வி இருக்கிறது. வவுனியாவில் 2017 பெப்ரவரி 24இலிருந்து வீதியோரம் இருந்தவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய ஒன்றியக் கொடிகளைக் கூடப் பிடித்தார்கள். தங்கள் செய்தி யாருக்கு என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். கொட்டகைக்குப் புதிதாக வந்த, ஊரில் இன்னும் சொல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தத் தீர்மானம் வேறாக இருக்கலாம். தமிழில் ஊர்ப் பக்கத்தில் மட்டும் வந்தால் போதும் என்பார். இரண்டாவது மொழி சேர்ந்தால் படம் யாரிடம் போகும் என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் சேர்க்கவேண்டும். ‘உங்கட படம் போடலாமோ’ என்று கேட்டால் மட்டும் காணாது. ‘இங்கிலீசிலயும் போடலாமோ’ என்று தனியாகக் கேட்கவேண்டியிருக்கிறது. சிலர் ஓம் என்பார்கள், சிலர் மாட்டேன் என்பார்கள், ஒருவர் “பெயர் போடாமல் போடுங்கோ” என்றார்.

திருத்திய குறிப்போடு அந்த அம்மாவின் படத்தைத் திரும்பப் போட்ட பிறகு ஒருநாள் கொட்டகையில் பேத்தியும் நின்றாள். பள்ளிக்கூடச் சீருடை. தமிழ்ப் பகுதியை நிற்காமல் வாசித்தாள். ஆங்கிலப் பகுதிக்கு வந்ததும் மெதுவாகக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். அம்மா விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உதிலயும் குடுத்தனான் எண்டு கிடக்கோ தம்பி?”

“ஓம் அம்மா. அதிலயும் இருக்கு.”

பேத்தியிடமிருந்து போனை வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டு, மேலே தள்ளி மகனின் படத்தைப் பெரிதாக்கினார்.